பழைய எண்ணெய் விதிக்குள் இருந்த தொழில்

கேள்வி: "புதுசா ஒரு சட்டமோ தர விதியோ வந்தா, அதைப் பின்பற்ற முடியாம தவிக்கிற சின்ன நிறுவனங்களுக்கு உதவுறதே ஒரு தொழில் ஆகும்னு சொல்றாங்க. எந்த விதியில தொழில் இருக்கு, எதுல இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நிஜமான ஒரு உதாரணத்தோட சொல்லுங்க."

உணவகங்களின் பழைய எண்ணெய் பற்றிய விதியையே எடுத்துக்கொள்கிறேன். கோவையில் சில வருடங்கள் இந்த வேலையோடு நெருங்கிப் பழகியவன் நான். பலரும் விதியின் தவறான வரியைப் படித்துப் பணம் போட்டதையும், சரியான வரியைப் பிடித்தவர்கள் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால், எண்ணெய் சிதைவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் அதில் பெருகும். இவற்றின் மொத்த அளவைச் சுருக்கமாக டிபிசி என்பார்கள். டிபிசி 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் இன்னொரு உத்தரவு. பொரிப்பதற்கு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிப்பவர்கள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும், கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இது 2019 மார்ச் 1 முதல்.

முதல் விதி வந்தபோது எல்லோர் கண்ணும் 25 என்ற எண்ணில்தான் விழுந்தது. அளக்கக் கருவி வேண்டுமே, அப்படியானால் டிபிசி மீட்டர் விற்கலாம் என்று எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் பிடித்து எண்ணெயில் முக்கினால் எண் காட்டும் கருவி அது. ஒரு கடைக்கு ஒன்று விற்றால் அதோடு சரி, அடுத்த விற்பனைக்கு அடுத்த கடையைத் தேடிப் போக வேண்டும். விலையைக் கேட்டதும் சின்ன முதலாளி பின்வாங்கிவிடுவார். வாங்கியவர்களும் ஒரு மாதத்தில் அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி தன் கருவியில்தானே அளக்கப் போகிறார் என்பது அவர்கள் கணக்கு.

அதனால் ஒரு விதியைக் கையில் எடுத்தால் அதிலுள்ள தடையையும் வரம்பையும் நான் முதலில் பார்ப்பதில்லை. யார் எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதி வைக்க வேண்டும் என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். பழைய எண்ணெய் உத்தரவில் அது பதிவேடு பற்றிய வரி. எந்த எண்ணெய், பொரிக்க எடுத்தது எவ்வளவு, நாள் முடிவில் கழித்தது எவ்வளவு, கழித்ததை எந்தத் தேதியில் எப்படி அகற்றினோம், யாரிடம் கொடுத்தோம் என்று தினமும் எழுத வேண்டும். இதைக் கடையே எழுதிவிடலாம். ஆனால் கடைசிக் கேள்விக்கான பதில் மட்டும் கடைக்காரர் கையில் இல்லை. அங்கீகாரம் உள்ள ஒருவர் வந்து எண்ணெயை எடுத்துச் சீட்டு கொடுத்தால்தான் அந்த இடம் நிரம்பும். ஒவ்வொரு வாரமும் கடைக்காரருக்கு அந்தச் சீட்டு வேண்டும், அவரால் அதைத் தானே எழுதிக்கொள்ளவும் முடியாது. தொழில் இருப்பது அங்கேதான்.

இது ஒன்று போதாது. அந்த வேலையை வேறு யாராவது ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் பதிய வேண்டும் என்ற ஜிஎஸ்டி மின் விலைப்பட்டியல் விதி இதற்கு நல்ல எதிர் உதாரணம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. அடுத்து யார் மாட்டுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த விதி அது. ஆனால் சின்ன நிறுவனத்தின் கணக்கு மென்பொருளே அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. மீதியை அவர்களுடைய ஆடிட்டர் அலுவலகம் பார்த்துக்கொண்டது. புதிதாக வந்தவருக்கு இடம் குறைவு. பழைய எண்ணெயில் அப்படி இல்லை. எந்த ஆடிட்டரும் சமையலறைப் பின்கட்டுக்கு வந்து டின் தூக்க மாட்டார்.

சரி, யார் வாடிக்கையாளர்? 50 லிட்டர் என்ற வரம்பு இங்கே வேலை செய்கிறது. தெருமுனை பஜ்ஜிக் கடை 50 லிட்டரைத் தொடாது. ஊரில் பொரிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் பதிவேட்டு விதி பிடிப்பது அதில் ஒரு சிறு பகுதியைத்தான். பெரிய பலகாரக் கடை, சிப்ஸ் போடும் பட்டறை, முறுக்கு, மிக்சர் செய்து ஊர் ஊராக அனுப்புபவர், கோழி பொரிக்கும் சங்கிலிக் கடைகள், கல்லூரி விடுதி, தொழிற்சாலை கேன்டீன் நடத்தும் ஒப்பந்தக்காரர் ஆகியோர்தான் அந்தப் பகுதி. நீங்கள் முதலில் எண்ண வேண்டியது இவர்களை மட்டும். எண்ணுவதற்கு ஒரு எளிய வழி உண்டு. எண்ணெய் மொத்த வியாபாரியிடம் போய், வாரத்துக்கு 25 டின்னுக்கு மேல் எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு டின் 15 கிலோ, அதாவது ஏறக்குறைய 16 லிட்டர். தினமும் 50 லிட்டர் என்றால் வாரத்துக்கு 22 டின் ஆகிவிடும். பெயரைச் சொல்லாவிட்டாலும் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு பின்கட்டுக்குள் போய்ப் பார்ப்போம். சாயங்காலம் ஐந்து மணி. வடைச் சட்டியில் நுரை அடங்காமல் நிற்கிறது. எண்ணெய் டிகாக்ஷன் நிறம். மாஸ்டர் புது டின்னை உடைத்து அதன் தலையில் மூன்று லிட்டர் ஊற்றுகிறார். நுரை கொஞ்சம் அடங்கும், நிறமும் கொஞ்சம் தெளியும். அந்த நேரத்தில் மீட்டர் வைத்தால் 21, 22 காட்டும். ஒரு மணி நேரம் முன்பு வைத்திருந்தால் 27 காட்டியிருக்கும். அதனால் அளவெடுப்பது எப்போதும் புது எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். பண்டத்தை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் விட்டு, குமிழி அடங்கிய பிறகே முக்க வேண்டும். குமிழியும் ஈரமும் இருந்தால் எண் தப்பாக வரும். சட்டியின் சுவரிலும் அடியிலும் முனை படாமல் ஒரு சென்டிமீட்டராவது தள்ளிப் பிடிக்க வேண்டும், இண்டக்ஷன் அடுப்பு என்றால் அதை அணைத்துவிட வேண்டும். இதையெல்லாம் வாரம் தவறாமல் ஒரே மாதிரி செய்பவர் கடைக்குள் இருக்க மாட்டார். வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு இதுவும் வேலை ஆகிறது.

பழைய எண்ணெய் அந்தப் பின்கட்டில் எங்கே இருக்கிறது? காலி டின்களில், மாவு மண்டியோடு, வாய் திறந்தபடி, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். தண்ணீர் தெறித்து விழும். வாரத்துக்கு இரண்டு முறை ஒருவர் மொபெட்டில் கேன் கட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போவார், கையில் பணம் கொடுப்பார், சீட்டு கொடுக்க மாட்டார். அந்த எண்ணெய் வடிகட்டப்பட்டுச் சின்னச் சின்னத் தள்ளுவண்டிகளுக்குப் போய்ச் சேரும். இதைத் தடுக்கத்தான் விதியே வந்தது.

இந்த மொபெட்காரர்தான் உங்கள் போட்டியாளர். உங்களை விடக் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் அதிகமாகவே அவரால் கொடுக்க முடியும். நீங்கள் பழைய எண்ணெயை எரிபொருளாக மாற்றும் பயோடீசல் ஆலைக்கு விற்கிறீர்கள், அவர் சாப்பாட்டுக்கு விற்கிறார். சாப்பாட்டுக்குப் போகும் எண்ணெயின் விலை பெரும்பாலும் எரிபொருளுக்குப் போகும் எண்ணெயின் விலையை விட மேலே. விலையில் அவரோடு மோத முடியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. முதலாளியிடம் பேசி, அவர் சரி என்று சொல்லி, நாங்கள் வண்டியோடு போனால் டின் காலியாக இருக்கும். "இந்த வாரம் எண்ணெய் மிஞ்சலைங்க" என்பார்கள். பல கடைகளில் பழைய எண்ணெய்க் காசு முதலாளிக்குப் போவதே இல்லை, அது சமையல்கட்டுக்காரர்களின் டீக்காசு. நான் முதலாளியிடம் ஒப்பந்தம் போட்டபோது, எனக்கே தெரியாமல் ஆறேழு பேரின் வருமானத்தில் கை வைத்திருக்கிறேன். ஒரு கடையில் மாஸ்டரே நேராகச் சொன்னார்: "தம்பி, நீங்க சீட்டு கொடுக்குறீங்க, அவன் காசு கொடுக்குறான். சீட்டை வச்சு நான் டீ குடிக்க முடியுமா?" அதற்குப் பிறகு முதலாளிக்குத் தெரிந்தே டின்னுக்கு ஒரு தொகையைச் சமையல்கட்டுக்குத் தனியாகக் கொடுக்க ஆரம்பித்தோம். காலி டின் வருவது பெரும்பாலும் நின்றது.

இப்போது கணக்கு. இதில் வரும் விலைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 60 சமையலறைகள், ஒவ்வொன்றும் வாரத்துக்கு இரண்டு டின், அதாவது 30 கிலோ. மொத்தம் 1800 கிலோ. ஒரு சின்ன சுமை வண்டி வாரத்துக்கு மூன்று நடை போனால் போதும். கிலோ 50 ரூபாய்க்கு வாங்கி 58 ரூபாய்க்கு ஆலைக்கு விற்றால் கிலோவுக்கு 8 ரூபாய், வாரத்துக்கு 14,400 என்று தோன்றும். அப்படி வராது. நீங்கள் வாங்கும் எண்ணெயில் தண்ணீரும் மண்டியும் இருக்கும். இரண்டு நாள் நிறுத்தி வைத்துத் தெளியவிட்டால் 5 சதவீதம் அடியில் தங்கிவிடும். 1710 கிலோவைத்தான் விற்பீர்கள். கொடுத்தது 90,000, வந்தது 99,180. மிச்சம் 9,180 ரூபாய். நான்கு வாரத்துக்கு 36,720. வண்டித் தவணை, டீசல், ஓட்டுநர், உதவியாள் எல்லாம் சேர்த்து மாதம் 58,000 ஆனால், எண்ணெயை மட்டும் நம்பினால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

இந்த இடத்தில்தான் பலர் தொழிலை மூடினார்கள். தாங்கள் விற்பது எண்ணெய் என்று நினைத்தார்கள். கடைக்காரருக்குத் தேவை பதிவேடு. வாரம் ஒருமுறை ஒழுங்காக மீட்டர் வைத்து எண் எழுதிக் கையெழுத்திடுவது, பதிவேட்டைச் சரிபார்ப்பது, எடுத்த எண்ணெய்க்குத் தேதி, எடை, வண்டி எண்ணோடு சீட்டு கொடுப்பது, மூடி போட்ட கேனைக் கொண்டுவந்து வைப்பது. இதற்கு மாதம் 800 ரூபாய் என்று 60 பேரிடம் வாங்கினால் 48,000. நஷ்டமாக நின்ற கணக்கு மாதம் 26,720 ரூபாய் மிச்சமாக மாறுகிறது. ஒரு கடைக்கு 800 ரூபாய் பெரிய தொகை இல்லை. மீட்டர் வாங்கி, அதைப் பராமரித்து, ஒரு ஆளைப் பழக்குவதை விட மலிவு.

இந்த 800 ரூபாயை யார் தயங்காமல் கொடுப்பார் என்பதுதான் அடுத்த கேள்வி. அதிகாரி எப்போதாவது வருவார் என்ற பயம் மட்டும் உள்ளவர் மூன்று மாதம் கொடுத்துவிட்டு நிறுத்துவார். அவருக்கு மேலே பதிவேட்டைக் கேட்கும் இன்னொருவர் இருக்க வேண்டும். தொழிற்சாலை கேன்டீன் ஒப்பந்தக்காரரிடம் தொழிற்சாலையின் தணிக்கையாளர் கேட்பார். சங்கிலிக் கடையின் கிளையிடம் தலைமை அலுவலகம் கேட்கும். பேரங்காடிக்குப் பண்டம் கொடுப்பவரிடம் பேரங்காடி கேட்கும். என் அனுபவத்தில் அரசு கேட்பதை விட வாடிக்கையாளர் கேட்கும்போதுதான் விதி உயிரோடு இருக்கிறது. நான் இன்று வேறு எந்த விதியைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டேன்.

இதற்கு ஒரு வாரச் சோதனை போதும். இருபது கடைகளுக்குப் போங்கள். எதையும் விற்க வேண்டாம். "கடைசியா எண்ணெய்ப் பதிவேட்டை யார் கேட்டாங்க, எப்போ?" என்று மட்டும் கேளுங்கள். ஆறேழு பேர் ஒரு பெயரையும் மாதத்தையும் சொன்னால் உங்களுக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் "அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டால், விதி காகிதத்தில் இருக்கிறது, ஊரில் இன்னும் வரவில்லை. அப்போது இறங்கினால் விதியைச் சொல்லிக்கொடுக்கும் செலவு முழுதும் உங்கள் தலையில். அறிவித்த தேதியை நம்பியும் பணம் போடக் கூடாது. காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020ல் வந்தது. நடைமுறைக்கு வரும் நாள் பலமுறை தள்ளிப்போய் 2024 வரை இழுத்தது. அதை நம்பி முதல் வருடமே ஆய்வுக் கருவி வாங்கியவருக்கு வட்டி மட்டும்தான் மிச்சம்.

எண்ணெயில் இன்னொரு பக்கமும் உண்டு. பழைய எண்ணெயைச் சமையலறையிலிருந்து வெளியே தள்ளுவது ஒரு விதி என்றால், அதை மறுமுனையில் இழுப்பதும் அரசுக் கொள்கைதான். 2018ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்று இலக்கு வைத்தது. சர்வதேச விமானங்களின் எரிபொருளில் 2027ல் 1 சதவீதம், 2028ல் 2 சதவீதம் பசுமை எரிபொருள் என்ற இலக்கும் இருக்கிறது. அதற்கான மூலப்பொருட்களில் பழைய சமையல் எண்ணெயும் ஒன்று. இரண்டு முனையிலும் விதி இருக்கும் பொருள் அபூர்வம். ஒரு முனை தளர்ந்தாலும் மறுமுனை தாங்கும்.

மறுமுனையும் காகிதம் கேட்கும். விமான எரிபொருளுக்கும் ஐரோப்பிய ஏற்றுமதிக்கும் போகும் எண்ணெய்க்கு மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று உறுதி செய்யும் ஐஎஸ்சிசி போன்ற சர்வதேசச் சான்றிதழ் வேண்டும். அந்த எண்ணெய் எந்தக் கடையில் பிறந்தது என்று கடை கடையாகக் கையெழுத்திட்ட உறுதிமொழி இருந்தால்தான் சான்றிதழுக்குள் வரும். அதாவது கடைக்காரருக்காக நீங்கள் கொடுக்கும் அதே சீட்டு, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தால், ஆலைக்கும் விற்கக்கூடிய பொருள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடச் சீட்டுக் கட்டுகளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார். பிறகு ஒரு பெரிய வாங்குபவர் வந்து, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று காட்டச் சொன்னபோது அவரால் காட்ட முடியவில்லை. அந்த வியாபாரம் வேறொருவருக்குப் போனது.

ஆலையோடு பேசும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். எண்ணெய் சிதையும்போது அதிலிருந்து பிரியும் கட்டற்ற கொழுப்பு அமிலம் எவ்வளவு வரை இருந்தால் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அது 2 சதவீதத்துக்கு மேல் போனால் வழக்கமான முறையில் பயோடீசல் ஆகாமல் சோப்பாகத் திரளும். முதலில் அமிலம் சேர்த்து ஒரு சுற்று ஓட்டியாக வேண்டும். அந்த வசதி இல்லாத ஆலை உங்கள் லோடைத் திருப்பிவிடும், இல்லையென்றால் விலையைக் குறைக்கும். கோழி பொரித்த எண்ணெயும் நாள் கணக்கில் தண்ணீர் கலந்து கிடந்த எண்ணெயும்தான் பெரும்பாலும் இதில் மாட்டும். அவற்றைத் தனி டிரம்மில் வையுங்கள். ஒரு கெட்ட டின் முழு டிரம்மையும் கீழே இழுத்துவிடும்.

அங்கீகாரத்துக்கு முதலில் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரைப் பாருங்கள். யாரெல்லாம் ஏற்கனவே அங்கீகாரம் பெற்றிருக்கிறார்கள் என்று அங்கேயே தெரியும். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், தனியாக அங்கீகாரம் வாங்குவதற்கு முன் அவருக்குக் கீழே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். அவரிடம் அனுமதி இருக்கும், பின்கட்டுக்குள் போக ஆள் இருக்காது.

தொடங்கும் மாதமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் பலகாரக் கடைகளில் எண்ணெய் இரண்டு மூன்று மடங்கு ஓடும். அப்போது புதிதாகப் போனால் யாரும் நின்று பேச மாட்டார்கள். ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது போய்ப் பேசுங்கள், ஆவணியில் கேன் வைத்துவிடுங்கள். ஐப்பசியில் டின் நிரம்பி வழிந்து பின்கட்டில் நடக்க இடமில்லாமல் போகும்போது, மாஸ்டரே உங்களுக்குப் போன் செய்வார்.